கழிப்பறையும் நாப்கின் தொட்டியும் கேட்டு முதல்வருக்குக் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வருகிற கடிதங்களைப் பதிவேட்டில் ஏற்றி, குறிப்பு எழுதி, முதல்வர் மேசைக்கு அனுப்புவதுதான் என் வேலை. ஓய்வுக்குப் பிறகும் பக்கத்துப் படுகர் கிராமங்களான ஹட்டிகளிலிருந்தும் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் கல்லூரிக்குப் போகும் பெண்கள் இந்த ஒரு கடிதத்தைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

மேடம், ஹெச்.ஓ.டி. கிட்ட வாயால சொல்லிட்டோமே. அப்புறம் எதுக்கு லெட்டர்?

வாயால் சொன்னது அலுவலகத்தில் எங்கேயும் ஏறாது. ஹெச்.ஓ.டி. நல்லவராக இருந்தால் முதல்வரிடம் ஒரு வார்த்தை சொல்வார். முதல்வர் 'பார்க்கலாம்' என்பார். அத்தோடு சரி.

கடிதம் வந்தால் தபால் பதிவேட்டில் ஓர் எண் விழும். எண் விழுந்த தாளைச் சும்மா வைத்திருக்க முடியாது. பிரிவு எழுத்தர் 'இன்னது கேட்கிறார்கள், இந்த நிதியிலிருந்து செய்யலாம், ஆணைக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று குறிப்பு எழுதியாக வேண்டும். முதல்வர் அதன் கீழே பச்சை மையில் ஏதாவது எழுதியாக வேண்டும். அதனால் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் நினைவூட்டல் எழுதும்போது அந்தத் தேதிதான் உங்கள் கையில் இருக்கும்.

பிரின்சிபால் சார் ஆம்பளை. லெட்டர்ல 'மாதவிடாய்'னு நேராவே எழுதலாமா?

எழுதுங்கள். 'பெண்களுக்கான சில அத்தியாவசியத் தேவைகள்' என்று சுற்றி வளைத்து வந்த கடிதங்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்திருக்கிறேன். ஒரு கண்ணாடியும் ஒரு குடிநீர் வடிகட்டியும் வாங்கிக் கோப்பை முடித்துவிடுவார்கள். கேட்டது என்ன என்று தாளில் இல்லாதபோது அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

மாதவிடாய், நாப்கின், பயன்படுத்திய நாப்கினைப் போடும் மூடியுள்ள தொட்டி. இந்த மூன்று சொற்களும் பொருள் வரியிலேயே வரட்டும். நேரில் கொடுக்கத் தயக்கமாக இருந்தால், பெண்கள் நலக்குழு பொறுப்பாசிரியையைக் கூட அழைத்துப் போங்கள். ஆனால் கடிதம் முதல்வர் பெயருக்கே இருக்கட்டும். குழுவுக்கு எழுதினால் குழுவோடு நின்றுவிடும்.

என்னென்ன கேட்கணும்? டாய்லெட் முழுசுமே மோசம், எதைன்னு எழுதறது?

இங்கேதான் பெரும்பாலான கடிதங்கள் தடுக்கி விழுகின்றன. முதல்வர் இன்றைக்கே ஆணை போடக்கூடியவையும், அவர் கையில் இல்லாதவையும் ஒரே பட்டியலில் கலந்து வந்தால், மொத்தமும் 'நிதி வந்ததும் பரிசீலிக்கப்படும்' என்ற ஒரே வரிக்குள் போய்விடும்.

அரசுக் கல்லூரியில் புதுக் கழிப்பறைக் கட்டடம் கேட்டால், பொதுப்பணித்துறை மதிப்பீடு போட வேண்டும், கல்லூரிக் கல்வி இயக்ககத்துக்குக் கருத்துரு போக வேண்டும், நிதி ஒதுக்கி வர வேண்டும். அதற்குள் நீங்கள் பட்டம் வாங்கிப் போயிருப்பீர்கள். ஆனால் கதவுக்குத் தாழ்ப்பாள், பல்பு, வாளியும் குவளையும், சோப்பு, மூடியுள்ள தொட்டி, பூட்டிக் கிடக்கும் அறையைத் திறப்பது, சுத்தம் செய்யும் நேரத்தை மாற்றுவது, இவை எல்லாம் சில்லறைச் செலவிலோ பெற்றோர் ஆசிரியர் கழக நிதியிலோ முடிகிற காரியம். முதல்வர் கையெழுத்து ஒன்றே போதும். சுயநிதிக் கல்லூரியாக இருந்தால் செயலரையோ தாளாளரையோ கேட்க வேண்டியிருக்கும், ஆனாலும் இந்தப் பிரிப்பு அங்கேயும் உதவும்.

எனவே கடிதத்தில் 'உடனடியாகச் செய்யக்கூடியவை' என்று முதல் பகுதி, 'மேலிடத்துக்குப் பரிந்துரைக்க வேண்டியவை' என்று இரண்டாம் பகுதி. முதல் பகுதியை நன்றாக விரித்து எழுதுங்கள். இரண்டாம் பகுதிக்கு மூன்று வரி போதும்.

எத்தனை தொட்டி கேட்கறது? குத்துமதிப்பா பத்துன்னு போடலாமா?

போடாதீர்கள். எண்ணுக்குக் கணக்கு இருந்தால் எழுத்தர் அதை அப்படியே தன் குறிப்பில் எடுத்துக்கொள்வார்.

ஒரு கல்லூரியில் 420 மாணவிகள் என்று வைத்துக்கொள்வோம். 28 நாள் சுழற்சியில் 5 நாள் என்று எடுத்தால், எந்த ஒரு நாளிலும் சுமார் 75 பேருக்கு மாதவிடாய் இருக்கும். நாப்கினை 4 மணி முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உள்ளூர்ப் பெண்ணுக்குக் கல்லூரியில் ஒரு தடவை மாற்றினால் போதும். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு வருகிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்தால் வீடு திரும்ப சாயங்காலம் ஆறு ஆகும். நடுவில் இரண்டு தடவை மாற்றியாக வேண்டும். பாதிப் பேர் ஒரு தடவை, பாதிப் பேர் இரண்டு தடவை என்று வைத்தால் ஒரு நாளைக்கு 110 நாப்கின் சொச்சம் வரும்.

காகிதத்தில் சுற்றிய நாப்கின் 25 அல்லது 30 போட்டால் 12 லிட்டர் தொட்டி முக்கால்வாசி நிரம்பும். அந்தக் கல்லூரியில் 8 கழிப்பறைகள் இருந்து, ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டி வைத்தால், தொட்டிக்குத் தினம் 14 விழும். தினமும் ஒரு தடவை எடுத்தால் தாராளம். எட்டில் மூன்று பூட்டிக் கிடந்தால் மீதி ஐந்து தொட்டிகளில் 22 வீதம் விழும். ஒரு நாள் எடுக்காமல் விட்டாலே மூடி நிற்காது. ஆகவே தொட்டி கேட்கும்போதே பூட்டிய அறைகளைத் திறக்கவும் கேட்க வேண்டும்.

இடைவேளைக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 15 நிமிட இடைவேளையில் ஆளுக்கு 3 நிமிடம் என்றால், 5 கழிப்பறைகளில் 25 பேர்தான் போய் வர முடியும். மற்றவர்கள் தண்ணீரே குடிக்காமல் நாளை ஓட்டுகிறார்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு கல்வி நிலையங்களில் 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்கிறது. அந்தக் கணக்கில் 420 பேருக்கு 17 வேண்டும். இரண்டாம் பகுதிக்குக் காரணமாக இந்தக் கணக்கை எழுதினால் போதும்.

வாஷ்பேசின் பக்கத்துல ஒரு பெரிய டிரம் வெச்சா போதாதா? ஒவ்வொரு டாய்லெட்டுக்கும் ஏன்?

வெளியே வைத்த டிரம்மில் யாரும் போட மாட்டார்கள். சுற்றிய பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையில் நிற்கும் பத்துப் பேர் முன்னால் நடந்து வர யாருக்கும் மனசு வராது. சன்னல் இடுக்கிலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் செருகுவார்கள், இல்லை உள்ளேயே போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். தொட்டி கதவுக்கு உள்ளே இருக்க வேண்டும். காலால் மிதித்துத் திறக்கிற வகையாக, உள்வாளி தனியாகக் கழன்று வருகிறதாக இருக்கட்டும். உள்வாளி இருந்தால்தான் எடுக்கிறவர் கை வைக்காமல் கொட்டிக் கழுவ முடியும்.

நம்ம மாவட்டத்துல பிளாஸ்டிக் கவர் தடையாச்சே, தொட்டிக்குள்ள என்ன போடறது? நாப்கினை எதுல சுத்தறது?

பழைய செய்தித்தாள் போதும். தினசரி ஒன்றை நான்காகக் கிழித்து, கதவின் உள்பக்கம் ஆணியிலோ கம்பியிலோ மாட்டிவிட்டால் அதுவே உறை. நூலகத்தில் மாதா மாதம் எடைக்குப் போடும் தாள்களை இதற்கு ஒதுக்கச் சொல்லி கடிதத்திலேயே கேளுங்கள், செலவே இல்லாத கோரிக்கை. நாப்கினைக் கறை உள்ளே போகும்படி சுருட்டி, தாளில் இறுக்கி மடிக்க வேண்டும். தொட்டியின் அடியிலும் ஓரத்திலும் இரண்டு முழுத் தாள் விரித்தால் உள்வாளி அவ்வளவாக அழுக்காகாது.

2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, நாப்கினைத் தயாரிப்பாளர் தரும் உறையிலோ தகுந்த வேறு உறையிலோ சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. ஈரக்குப்பையோடு அதைக் கலக்கவே கூடாது. நாப்கினின் மேல் விரிப்பும் அடித்தாளும் பிளாஸ்டிக், எந்த உரக்குழியிலும் மக்காது.

தொட்டி வெச்சுட்டாங்க. குரங்கு வந்து இழுத்துப் போட்டு வளாகம் பூரா கிடக்கு. என்ன பண்றது?

இந்தக் கேள்வி சமவெளியில் வராது, இங்கே வந்தே தீரும். தொட்டி கேட்பவர்கள் தொட்டியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதைக் காலி செய்து எங்கே வைப்பது என்று கடிதத்தில் இருக்காது. சாயங்காலம் எடுத்ததைக் கழிப்பறைக்குப் பின்னால் திறந்த சிமென்ட் தொட்டியில் கொட்டுவார்கள். காலையில் குரங்கு, ராத்திரியில் பன்றி. குன்னூர், கோத்தகிரி பக்கம் கரடியும் வரும். பிறகு 'பாருங்கள், தொட்டி வைத்ததால்தான் இவ்வளவு அசிங்கம்' என்று தொட்டியையே எடுத்துவிடுவார்கள்.

அதனால் நாப்கின் போகும் வழி முழுவதையும் கடிதத்தில் எழுதுங்கள். யார் எடுப்பது, எத்தனை மணிக்கு, எங்கே வைப்பது, யாரிடம் கொடுப்பது. வைக்கும் இடம் கதவும் பூட்டும் உள்ள சின்ன அறையாக இருக்க வேண்டும். மாடிப்படிக்கு அடியில் கம்பிக் கதவு போட்ட இடம்கூடப் போதும், ஆனால் கம்பி இடைவெளியில் குரங்குக் கை நுழையக் கூடாது. அங்கே மூடியுள்ள பெரிய பீப்பாய் ஒன்றில் நாப்கின் பொட்டலம் மட்டும் தனியாகச் சேர வேண்டும். நகராட்சி வண்டி வரும்போது 'இது நாப்கின்' என்று சொல்லித் தனியாகக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால், குப்பைக் கிடங்கில் கையால் தரம் பிரிக்கிறவர் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பார். எடுக்கிற தூய்மைப் பணியாளருக்கு முழங்கை வரை ரப்பர் கையுறை, முகக்கவசம், கழுவ சோப்பு, இந்த மூன்றையும் உங்கள் கோரிக்கையாகவே எழுதுங்கள். அந்த அம்மா தனக்காகக் கேட்டால் யாரும் காதில் வாங்குவதில்லை.

எரிக்கிற மிஷின் வாங்கித் தரச் சொன்னா வேலை சுலபமாச்சே?

சுவரில் மாட்டும் சின்ன மின் எரிப்பான்களைக் கேட்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பிளாஸ்டிக்கும் உறிஞ்சும் ஜெல்லும் கலந்த பொருள் முழுதாக எரிய 800 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். அதற்குக் கீழே எரிந்தால் நச்சுப் புகைதான், டையாக்சின் போன்றவையும் அதில் சேரும். ஈர நாப்கினை அடுக்கடுக்காகப் போடும்போது சின்ன இயந்திரம் அந்தச் சூட்டைப் பிடிப்பது கஷ்டம். பாதி கருகிய கட்டியாக வெளியே வரும். அப்படி வந்தாலே மிஷின் சரியாக எரிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

மலையில் இன்னொரு சங்கடம். பனிக்காலக் காலையில் குளிர்ந்த காற்று பள்ளத்திலேயே படுத்திருக்கும், புகை மேலே ஏறாது. புகைபோக்கி கூரைக்கு மேலே போகாவிட்டால் வகுப்பறைக்குள்தான் நுழையும். மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும் நாட்களில் போட்டதெல்லாம் எரியாமல் உள்ளேயே கிடக்கும். ஏற்கெனவே மிஷின் இருக்கிறது என்றால், புகைபோக்கி எங்கே முடிகிறது, ஒரு தடவைக்கு எத்தனை போடலாம், சாம்பலை யார் அள்ளுகிறார்கள் என்ற மூன்றையும் விசாரித்து எழுதுங்கள். மிஷின் இருப்பதால் தொட்டி வேண்டாம் என்று ஆகாது.

'சுத்தம்'னு எழுதினா 'தினமும் கழுவறோமே'ங்கறாங்க. எப்படிச் சொல்றது?

அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். காலை எட்டு மணிக்கு ஒரு தடவை கழுவிவிடுவார்கள். பதினொரு மணி இடைவேளை முடிந்ததும் தரை சேறாகிவிடும். ஜூனிலிருந்து டிசம்பர் வரை இங்கே ஈரம் தானாகக் காயாது, மூலையில் பச்சையாகப் பாசி பிடித்து வழுக்கும். ஆகவே 'சுத்தம் வேண்டும்' என்பதற்குப் பதிலாக, 'காலையில் ஒரு முறையும், மதிய உணவு இடைவேளை முடிந்ததும் ஒரு முறையும் கழுவி, தரைத் தண்ணீரை ரப்பர் தள்ளியால் தள்ளிவிட வேண்டும்' என்று எழுதுங்கள். கோடையில் தண்ணீர் குறையும் மாதங்களுக்கு, ஒவ்வொரு அறையிலும் நிரப்பி வைத்த வாளி வேண்டும் என்பதையும் சேருங்கள்.

இன்னொன்று. நாற்றத்துக்காக ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றுகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். குளிருக்குச் சன்னல் சாத்திய அறையில் கழுவுகிறவருக்கு மூச்சு அடைத்துவிடும். இரண்டையும் சேர்க்கக் கூடாது என்று சுவரில் தமிழில் ஓர் அறிவிப்பு ஒட்டச் சொல்லிக் கேளுங்கள்.

முழு லெட்டர் ஒண்ணு எழுதிக் காட்டுங்க மேடம்.

மேலே போட்ட கணக்கை வைத்தே எழுதுகிறேன். எண்களை உங்கள் கல்லூரிக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

> அனுப்புநர்: மாணவிகள், (வகுப்பு, துறை)
>
> பெறுநர்: முதல்வர் அவர்கள், (கல்லூரி, ஊர்)
>
> பொருள்: மாணவியர் கழிப்பறைகளைச் சீர்செய்தல், மாதவிடாய்க் காலத்தில் பயன்படுத்திய நாப்கினைப் போட மூடியுள்ள தொட்டிகள் வைத்தல் தொடர்பாக.
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> நம் கல்லூரியில் 420 மாணவிகள் படிக்கிறோம். மாணவியர் கழிப்பறைகள் 8. இவற்றில் முதல் தளத்தில் உள்ள 3 பூட்டியுள்ளன. மீதமுள்ள 5-இல் இரண்டுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. ஒன்றில் விளக்கு எரியவில்லை. எதிலும் நாப்கின் போடத் தொட்டி இல்லை. எங்களில் பலர் பஸ்ஸில் தொலைவிலிருந்து வருகிறோம். மாதவிடாய் நாட்களில் கல்லூரியிலேயே ஒன்று அல்லது இரண்டு முறை நாப்கின் மாற்ற வேண்டியுள்ளது. இடமில்லாததால் சிலர் அந்த நாட்களில் விடுப்பு எடுக்கின்றனர்.
>
> உடனடியாகச் செய்து தர வேண்டுபவை: பூட்டிய 3 கழிப்பறைகளைத் திறத்தல். தாழ்ப்பாள், விளக்கு பொருத்துதல். 8 கழிப்பறைகளிலும் காலால் திறக்கும் 12 லிட்டர் தொட்டி வைத்தல். நூலகப் பழைய செய்தித்தாள்களை உறைக்கு வழங்குதல். தினமும் மாலை 4 மணிக்குத் தொட்டிகளைக் காலி செய்து, பூட்டிய இடத்தில் தனியே வைத்து, நகராட்சி வண்டியில் தனியே ஒப்படைத்தல். தூய்மைப் பணியாளருக்குக் கையுறை, முகக்கவசம், சோப்பு வழங்குதல். தினமும் இரு முறை சுத்தம் செய்தல்.
>
> மேலிடத்துக்குப் பரிந்துரைக்க வேண்டுவது: தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி 420 மாணவிகளுக்கு 17 கழிப்பறைகள் வேண்டும் என்பதால், கூடுதல் கழிப்பறைகள் கட்டக் கருத்துரு அனுப்புதல்.
>
> தொட்டிக்கான கடை விலைப்புள்ளி இணைக்கப்பட்டுள்ளது. தாங்கள் எடுக்கும் நடவடிக்கையை 15 நாட்களுக்குள் அறிவிப்புப் பலகையில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.
>
> நகல்: பெண்கள் நலக்குழு, அகத்தர உறுதிப் பிரிவு.

நகல் போகிற இரண்டாவது இடத்தைக் கவனியுங்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் பாலினச் சமத்துவ வசதிகளையும் கழிவு மேலாண்மையையும் கேட்பார்கள். அதற்கு ஆதாரம் சேர்க்கும் பேராசிரியருக்கு உங்கள் கடிதம் உபகாரமானது. அவர் தானாகவே முதல்வரிடம் பேசுவார்.

'நீங்களே உள்ள போட்டு அடைக்கறீங்க, அதான் பூட்டினோம்'னு சொன்னா என்ன பதில் சொல்றது?

அடைத்ததை மறுக்க வேண்டாம். நாப்கினுக்குள் இருக்கும் ஜெல் தண்ணீரைக் குடித்து ஊதும், குழாய் வளைவில் போய் உட்கார்ந்துகொள்ளும். சரிவில் கட்டிய கட்டடங்களில் குழாய் நிறைய வளைவுகளோடுதான் இறங்கும். ஓரிடத்தில் அடைத்தால் மேல்தளம் வரை தேங்கும். மூன்று கழிப்பறைகள் சேர்ந்தாற்போல் கெட்டுப்போகக் காரணம் பெரும்பாலும் அந்த ஒரே அடைப்புதான்.

'தொட்டி இல்லாததால் அடைத்தது, அடைத்ததால் பூட்டினீர்கள், பூட்டியதால் மீதி ஐந்தும் அடைக்கப் போகின்றன' என்று சொல்லுங்கள். அடைப்பு எடுக்க ஆள் கூப்பிட்டுக் கொடுத்த ரசீதுகள் அலுவலகத்தில் இருக்கும். அந்தத் தொகையையும் எட்டுத் தொட்டியின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேர் போட்டா இன்டர்னல் மார்க்ல கை வெப்பாங்களோன்னு பயமா இருக்கு. மொட்டைக் கடுதாசி போடலாமா?

மொட்டைக் கடிதத்துக்கு எண் விழாது, முதல் பதிலில் சொன்ன வேலை எதுவும் நடக்காது. அதே சமயம் உங்கள் பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. ஒரே பெயராகப் போடாமல், துறைக்கு நாலைந்து பேராக எல்லாத் துறையிலிருந்தும் கையெழுத்து வாங்குங்கள். வட்டமாகக் கையெழுத்திட்டால் முதல் பெயர் எது என்றே தெரியாது. முதலாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் கலந்திருக்கட்டும். 'எனக்கு இப்படி நடந்தது' என்று யாருடைய சொந்த விஷயத்தையும் கடிதத்தில் எழுத வேண்டாம். மாதவிடாய் நாட்களில் யார் யார் விடுப்பு எடுத்தார்கள் என்று பெயர்ப் பட்டியல் இணைக்கவே கூடாது.

ஒரு மாசம் ஆச்சு, பதிலே இல்லை. அடுத்து என்ன?

முத்திரை வாங்கிய பிரதியின் தேதியைக் குறிப்பிட்டு, நாலு வரியில் நினைவூட்டல் கொடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், அரசுக் கல்லூரிக்கும் அரசு உதவி பெறும் கல்லூரிக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்டால் பதில் வராது. 'எங்கள் கடிதத்தின் மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்பின் நகல் தரவும்' என்று கேளுங்கள். குறிப்பே எழுதவில்லை என்றால் அன்றைக்கே எழுதுவார்கள்.

நீலகிரி மாவட்ட அரசுக் கல்லூரிகளுக்கு மேலே கோவை மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளும் உண்டு. ஆனால் முதலில் கல்லூரிக்குள் இரண்டு கடிதமாவது கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மனு திரும்ப முதல்வரிடமேதான் வரும், அவருக்கும் மனத்தாங்கல் ஆகும்.

எல்லாம் செஞ்சு குடுத்தாங்க. ரெண்டு மாசத்துல பழையபடி ஆயிடுச்சு. திரும்பவும் லெட்டரா?

லெட்டர்தான், ஆனால் இந்தத் தடவை வேறு மாதிரி. முதலில் எங்கே அறுந்தது என்று பாருங்கள். தொட்டி நிரம்பி வழிந்தால், எடுக்கும் ஆள் மாறியிருப்பார் அல்லது விடுப்பில் இருப்பார். தொட்டி காலியாக இருந்தும் சன்னலில் பொட்டலம் இருந்தால், சுற்றக் காகிதம் தீர்ந்திருக்கும் அல்லது மிதி உடைந்திருக்கும். வளாகத்தில் கிடந்தால், வைக்கும் அறையின் பூட்டு போயிருக்கும். குறை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இடத்தில் மருந்து.

கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டி, தேதி, தொட்டி எடுத்த நேரம், எடுத்தவர் கையெழுத்து என்று மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள். ஆள் வராத நாட்கள் அதிலேயே தெரியும். அந்தத் தாளின் நகலை இணைத்து, 'தொட்டி எடுப்பவர் விடுப்பில் இருந்தால் மாற்று ஆள் யார் என்று ஆணையில் குறிப்பிட வேண்டும்' என்ற ஒற்றைக் கோரிக்கையோடு இரண்டாவது கடிதத்தைக் கொடுங்கள். அரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.